அவர்களின் வழிகாட்டுதலில்

விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. காலை பத்தேகாலுக்குத் தனப்பிரியா கொண்டுவந்து கொடுத்த உறையைப் பிரித்துப் படித்ததும் எனக்கு வந்தது கோபம்தான்.

நாமக்கல் பக்கம் முட்டைப் பொடி செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியில் நான் கம்பெனி செக்ரட்டரி. பெயர் வெண்ணிலா, ஊர் ஆத்தூர். போர்டு கூட்டம் நடத்துவது, நடந்ததைக் குறிப்பில் ஏற்றுவது, சட்டப்படி நடக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் தெரிந்துவைத்திருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். என் சுபாவத்துக்கு இது தண்டனை.

கம்பெனி ஒரு குடும்பத்துடையது. நிர்வாக இயக்குநர் நந்தகுமார். அவர் வைத்ததுதான் சட்டம். இரண்டு வருடம் முன்பு சென்னை முதலீட்டுக் கம்பெனி ஒன்று கால் பங்கு வாங்கியது. வாங்கும்போதே, உற்பத்திக்கு ஒரு முழுநேர இயக்குநர் வேண்டும், விண்ணப்பம் கேட்டு ஒரு குழு பரிசீலித்துத்தான் போட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டது. அந்தக் குழுவுக்குத் தலைவர் டாக்டர் சென்னியப்பன், ஓய்வு பெற்ற கால்நடை விஞ்ஞானி, குடும்பத்துக்குச் சம்பந்தமில்லாத இயக்குநர். "ரெண்டு பக்கத்துக்கு மேல வேண்டாம். என்ன செஞ்சீங்க, இனி என்ன செய்யப் போறீங்க, ரெண்டும் இருக்கட்டும். தமிழ்லயே எழுதலாம்" என்று அவர்தான் அறிவிப்பில் போடச் சொன்னார்.

தனப்பிரியா எங்கள் பொது மேலாளர். வயது நாற்பத்தாறு. மல்லசமுத்திரத்துப் பெண். தரக் கட்டுப்பாட்டு லேபில் சேர்ந்து பதினெட்டு வருடத்தில் பாதித் தொழிற்சாலை அவள் கைக்கு வந்துவிட்டது. இந்தப் பதவி அவளுக்குக் கிடைக்காவிட்டால் வேறு யாருக்கும் கிடைக்க நியாயமில்லை என்று நான் மட்டுமல்ல, கேட் வாட்ச்மேன் வரை எல்லோரும் நினைத்திருந்தோம்.

அவள் எழுதியிருந்தது இது:

"நான்கு ஆண்டுகளுக்கு முன் நமது சரக்கு மருந்து எச்சம் காரணமாகத் திருப்பி அனுப்பப்பட்டபோது, திரு. குணசீலன் அவர்களின் வழிகாட்டுதலில் மேற்கொள்ளப்பட்ட நடவடிக்கைகளில் பங்கேற்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. தொடர்ந்து அவர்களின் தலைமையில் பண்ணைகளில் புதிய நடைமுறை கொண்டுவரப்பட்டது. அதன்பின் ஒரு சரக்குகூடத் திரும்பவில்லை. இதில் என் பங்கு மிகச் சிறியது. இப்பதவிக்கு நான் தகுதியானவளா என்பதைத் தாங்களே தீர்மானிக்க வேண்டும்."

இரண்டு பக்கமும் இப்படியேதான். வாய்ப்பு கிடைத்தது, உடனிருந்தேன், துணை நின்றேன். இனி என்ன செய்வாள் என்பதற்கு ஒரே ஒரு வரி: "நிர்வாகம் காட்டும் வழியில் நடப்பேன்."

குணசீலன் நந்தகுமாரின் தங்கை கணவர். கொள்முதலைப் பார்த்துக்கொள்கிறார். கெட்ட மனிதர் இல்லை, சிரித்த முகம். ஆனால் சரக்கு திரும்பி வந்த மாதத்தில் அவர் வழிகாட்டிய ஒரே வழி, லேபுக்கு வெளியே நின்று "என்னாச்சு, என்னாச்சு" என்று கேட்டதுதான். எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. யார் செய்தாலும், குடும்பத்து ஆள் ஒருவரின் "வழிகாட்டுதலில்" என்று போட்டுத்தான் அறிக்கை போகும். சாப்பாட்டு இலையில் முதலில் உப்பு வைப்பது போல, கை தானாக வைத்துவிடும். தனப்பிரியா தன் விண்ணப்பத்திலும் வைத்துவிட்டாள்.

சரி, அடக்கமாக எழுதிவிட்டாள், நேர்காணலில் பேசிக்கொள்வாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பன்னிரண்டரைக்கு இரண்டாவது உறை வந்தது. விண்ணப்பித்திருந்தவர் குணசீலன்.

அதைப் படிக்கப் படிக்க என் காது சூடாகிவிட்டது.

"சரக்கு திரும்பி வந்த அன்று யார் மீது குற்றம் என்று நான் கேட்கவில்லை, எந்தக் கொட்டகை என்று கேட்டேன். சேமித்து வைத்திருந்த இருநூற்றுப் பதினான்கு மாதிரிகளையும் ஒன்பது நாட்களில் சோதிக்க வைத்தேன். தேடல் மூன்று கொட்டகைகளில் வந்து நின்றது. கோழிக்கு மருந்து கொடுத்தால், காலக்கெடு முடியும்வரை அந்தக் கொட்டகை முட்டை உணவுக்குப் போகக் கூடாது. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் முட்டை ஏற்ற வரும் வண்டி டிரைவருக்கு எப்படித் தெரியும்? மருந்து கொடுத்த கொட்டகைக் கதவில் சிவப்புத் துணி கட்டும் முறையை அறிமுகப்படுத்தினேன். துணி இருந்தால் வண்டி ஏற்றாது. லேப் சோதனை சரியாக வந்த பிறகுதான் துணி அவிழும். நாற்பத்தாறு பண்ணைகளுக்கும் நேரில் போய்ப் பேசினேன். மல்லசமுத்திரத்தில் என் சொந்தக்காரர் பண்ணையிலேயே முட்டை எடுப்பதை இருபத்தொரு நாள் நிறுத்தினேன்."

அடுத்து, செய்யப் போவது. ஐந்து வருடத்தில், ஜப்பானில் ஒருவர் பொடி மூட்டையைப் பிரித்தால் அது எந்தக் கொட்டகை முட்டை என்று சொல்ல முடிய வேண்டும். எடப்பாடிப் பக்கத்துப் பண்ணைகளுக்கு அங்கேயே ஒரு சோதனைக்கூடம். கோடையில் கொட்டகைச் சூட்டைக் குறைத்தால் நோய் குறையும், நோய் குறைந்தால் மருந்து குறையும், ஆகவே முதல் செலவு அங்கே. என்ன தடங்கல் வரும் என்பதும், தனக்கு ஏற்றுமதிச் சட்டம் போதாது, கற்றுக்கொள்ள வேண்டும் என்பதும்கூட அதில் இருந்தன. பெருமையும் அளவாக, பணிவும் அளவாக. இத்தனை வருடத்தில் இவ்வளவு நல்ல விண்ணப்பத்தை நான் பார்த்ததில்லை.

ஆனால் மல்லசமுத்திரத்தில் பண்ணை வைத்திருக்கும் சொந்தக்காரர் குணசீலனுக்குக் கிடையாது. தனப்பிரியாவுக்குத்தான் உண்டு. அவளுடைய பெரியப்பா மகன்.

லேபுக்கு நடந்தேன். அவள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கையுறையோடு நின்றிருந்தாள். வெளியே வரச் சொன்னேன்.

"அவர் விண்ணப்பத்தை நீங்கதான் எழுதினீங்களா?"

அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டே இருந்தாள். "திங்கக்கிழமை கூப்புட்டாருங்க. 'நம்ம லெட்டர் ஒண்ணு எழுதோணும், நீ எழுதுனாத்தான் நல்லாருக்கும்'னாரு. பதினொரு வருசமா அவரு பேருல போற லெட்டரெல்லாம் நான்தானுங்களே எழுதறேன்."

"நீங்களும் போடுறீங்கன்னு சொல்லலையா?"

"சொல்லலாம்னு வாயெடுத்தேன். அதுக்குள்ள அவருக்குப் போன் வந்திருச்சு. அப்புறம் சொல்ல முடியலைங்க."

"எழுதினீங்க, சரி. எதுக்கு அவ்வளவு நல்லா எழுதினீங்க?"

கழற்றிய கையுறையை மடித்தாள். "அவருக்குன்னு எழுதுறப்போ கை கூசலைங்க. ஒரே மூச்சுல வந்திருச்சு. எனக்குன்னு உக்காந்தா, நான்னு போட்டதுமே வெக்கமா இருக்குது. நாலு தடவ எழுதி நாலு தடவ அழிச்சேன்."

நான் கேட்டதே அதிகம். இரண்டு கடிதத்தையும் ஒப்பிட்டு நான் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. சொன்னால் என் வேலை போவது இருக்கட்டும், தேர்வே செல்லாது. அதனால் எல்லோருக்கும் பொதுவான விதியை மட்டும் சொன்னேன். "அஞ்சு மணி வரைக்கும் யார் வேணும்னாலும் விண்ணப்பத்தை மாத்திக் கொடுக்கலாம்."

அவளுக்குப் புரிந்தது. "இனி அதையே நான் செஞ்சதுன்னு எழுதுனா, அவரத் திருடன்னு சொன்னாப்புல ஆயிருமுங்க. இருக்கட்டும். இந்தத் தடவ கெடைக்கலன்னா இனி நான் கேக்கவே மாட்டன்." கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஐந்து மணி வரை கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வரவில்லை. ஐந்து அடித்ததும் பதிவேட்டில் "பெறப்பட்டவை இரண்டு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேனாவை உடைக்கலாம் போல இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை நேர்காணல். டாக்டர் சென்னியப்பன், முதலீட்டுக் கம்பெனியின் பிரதிநிதி இளஞ்செழியன், நந்தகுமார், குறிப்பெடுக்க நான். உறவுக்காரர் விண்ணப்பித்திருப்பதால் நந்தகுமார் மதிப்பெண் போட மாட்டார், உட்கார்ந்து கேட்பார் என்று முதலிலேயே எழுதி வாங்கிவிட்டேன். மதிப்பெண் இல்லாவிட்டால் என்ன? குழு பரிந்துரைத்த பிறகு போர்டில் தீர்மானம் ஆக வேண்டும். போர்டில் ஐந்து பேர், மூன்று பேர் அந்தக் குடும்பம். அவர் தலையாட்டாமல் ஒன்றும் நடக்காது.

இரண்டு கடிதங்களையும் மேசைமேல் வைத்துவிட்டு இளஞ்செழியன் சொன்னார். "முடிவு தெளிவா இருக்கு சார். அந்தம்மாவே எல்லாம் குணசீலன் தலைமையில நடந்ததுன்னு எழுதியிருக்காங்க. போட்டியாளரே சாட்சி சொன்ன மாதிரி." நந்தகுமார் சிரித்தார்.

குணசீலன் முதலில் வந்தார். வெள்ளைச் சட்டை, சிரித்த முகம். டாக்டர் கடிதத்தை எடுத்து மூன்றாவது பத்தியில் விரலை வைத்தார்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. இருநூத்திப் பதினாலு மாதிரி, ஒம்பது நாளு. எந்த வரிசையில சோதிக்கச் சொன்னீங்க? தேதிப்படியா, பண்ணைப்படியா?"

"அதுல இருக்குமுங்களே."

"இல்லீங்க, அது மட்டும் இல்லை. அதான் கேக்கறேன்."

குணசீலன் கொஞ்சமும் பதறவில்லை. எனக்கு அதுதான் இன்றைக்கும் ஆச்சரியம். "அப்படீங்களா? தனப்பிரியா எதையும் உட மாட்டாளே. அவதானுங்க எழுதுனது. என் லெட்டரெல்லாம் அவதான் எழுதுவா. கேட்டுச் சொல்லட்டுங்களா?"

டாக்டர் மெதுவாகக் கேட்டார். "சிவப்புத் துணி?"

"அதுவும் அவ பாத்துக்கிட்டதுதானுங்க. நல்ல ஆளுங்கள வெச்சு வேல வாங்கறதுதானுங்களே நம்ம வேல." மறைக்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. டிரைவர் ஓட்டினாலும் வண்டி நம்முடையதுதானே என்கிற மாதிரி சொன்னார். வெளியே போகும்போது எனக்கும் ஒரு வணக்கம் வைத்தார்.

நந்தகுமாரின் சிரிப்பு போயிருந்தது. "லெட்டர் எழுதிக் குடுக்கறது ஒரு தப்புங்களா? எனக்குந்தான் எழுதிக் குடுக்குது அந்தப் புள்ள" என்றார்.

"தப்புன்னு நான் சொல்லலையே" என்றார் டாக்டர். "அவங்களக் கூப்புடுங்கம்மா."

தனப்பிரியா வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். டாக்டர் அவளுடைய கடிதத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, குணசீலனின் கடிதத்தை அவள் முன்னால் நகர்த்தினார்.

"இது உங்க எழுத்துன்னு அவரே சொல்லிட்டாருங்க. மூணாவது பத்தியை வாசிங்க. சத்தமா."

அவள் நந்தகுமாரைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாளை எடுத்தாள்.

"சரக்கு திரும்பி வந்த அன்று யார் மீது குற்றம் என்று நான் கேட்கவில்லை..." முதல் "நான்" வெளியே வரவே இல்லை, காற்றுதான் வந்தது. மறுபடி ஆரம்பித்தாள். "எந்தக் கொட்டகை என்று கேட்டேன். சேமித்து வைத்திருந்த இருநூற்றுப் பதினான்கு மாதிரிகளையும்..."

"எந்த வரிசை?"

"பண்ணைப்படிங்க." தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "தேதிப்படி போனா ஒரு மாசம் ஆயிருக்கும். மொதல்ல ஒவ்வொரு பண்ணையிலயும் ஒண்ணு எடுத்தோம். சந்தேகம் வந்த பண்ணையில மட்டும் கொட்டகை கொட்டகையாப் போனோம்."

"யாரு சொன்னது, அப்படிப் போகச் சொல்லி?"

நான் பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். உள்ளுக்குள், சொல்லு, சொல்லித் தொலை என்று கத்திக்கொண்டிருந்தேன்.

"நான் சொன்னனுங்க" என்றாள்.

தொடர்ந்து வாசித்தாள். குரல் சீராகிக்கொண்டு வந்தது. எனக்கே கேட்கப் பெருமையாக இருந்தது. "மருந்து கொடுத்த கொட்டகைக் கதவில் சிவப்புத் துணி கட்டும் முறையை..." அங்கே நின்றுவிட்டாள்.

"இது எனக்குச் சேராதுங்க."

"என்ன சேராது?" என்றார் இளஞ்செழியன்.

"அறிமுகப்படுத்தினேன்னு இருக்குது. நான் இல்லீங்க. எங்க மல்லசமுத்திரத்துப் பண்ணையில முட்டை பொறுக்குற செல்லாயின்னு ஒரு அக்கா. அதுக்குப் படிக்கத் தெரியாது. சீக்கு வந்த கொட்டகைக்குள்ள மறந்து போயிரக் கூடாதுன்னு பழைய சிவப்புச் சீலையைக் கிழிச்சுக் கதவுல கட்டி வெச்சிருந்துச்சு. நான் அதைப் பாத்துட்டு நாப்பத்தாறு பண்ணையிலயும் கட்ட வெச்சேன். கட்ட வெச்சது நானுங்க. கட்டுனது அது."

"லெட்டர்ல ஏன் அது பேரு இல்லை?"

"முதலாளி லெட்டர்ல முட்டை பொறுக்குறவங்க பேரு எப்படிங்க போடறது?"

டாக்டர் ஒதுக்கிவைத்த கடிதத்தை எடுத்துப் பிரித்தார். இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் பார்த்தார். "இது உங்க லெட்டருங்க. இதுல குணசீலன் பேரு ஆறு தடவ இருக்குது. செல்லாயி பேரு இதுலயும் காணமே."

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று நானே அதிர்ந்தேன். கோபத்தோடு அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தவள் நான். எனக்குத் தோன்றவில்லை.

தனப்பிரியா தலை குனிந்தாள். கண் நிறைந்துவிட்டது. துடைக்கவில்லை.

"ஆமாங்க. பணிவா எழுதறேன்னு நெனச்சேன். மேல இருக்கறவங்களுக்கு மட்டுந்தான் பணிஞ்சிருக்கேன். தப்புத்தானுங்க."

டாக்டர் கடிதத்தை மடித்து வைத்தார். அப்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த நந்தகுமார் திரும்பினார். மதிப்பெண் போடக் கூடாது என்றுதான் விதி, பேசக் கூடாது என்று இல்லை.

"சரக்கு திரும்பி வந்தப்ப எனக்கு ஒரு ரிப்போர்ட்டு வந்துச்சே, பதினெட்டுப் பக்கம். அதுல மாப்ள பேருதான இருந்துச்சு?"

"நான்தானுங்க போட்டேன்."

"எதுக்கு?"

"அப்படித்தானுங்களே போடுவோம்."

நந்தகுமார் முகத்தைக் கையால் தேய்த்தார். "நாலு வருசமா மாப்ளகிட்டப் போயி, நீ இல்லீன்னா கம்பெனியே இல்லீன்னு சொல்லிட்டு இருக்கறேன். பொங்கலுக்குப் பொங்கல் சொல்றேன். அவரும் சரீன்னு கேட்டுக்கிறாரு." கோபம் யார் மேல் என்று அவருக்கே தெரியவில்லை. "ஏன் புள்ள, ஒரு நாளு, ஒரே ஒரு நாளு வந்து எங்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கலைங்களே."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். நந்தகுமாரிடம் அவள் இப்படி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. பதினெட்டு வருடத்தில் அவரும் கேட்டிருக்க மாட்டார்.

அவளை வெளியே அனுப்பிவிட்டு இருவரும் மதிப்பெண் போட்டார்கள். கூட்டிப் பார்க்கவே தேவையில்லை. இளஞ்செழியன் முதல் ஆளாகத் தாளை மடித்துக் கொடுத்தார். டாக்டர் மட்டும் கடிதத்துக்கென்று இருந்த கட்டத்தில் அவளுக்குப் பத்துக்கு நான்கு போட்டிருந்தார். மீதிக் கட்டங்களில் எல்லாம் ஒன்பது.

"பரிந்துரை தனப்பிரியா" என்றார். பிறகு நந்தகுமாரிடம், "போர்டுல என்ன செய்வீங்களோ, அது உங்க பொறுப்பு."

நந்தகுமார் எழுந்து நின்றார். உட்கார்ந்தார். "எங்க ஊட்டுல என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியாதுங்க. தங்கச்சி ஒரு வருசத்துக்குப் பேச மாட்டா." தண்ணீர் குடித்தார். நான் குறிப்பில் எதையும் எழுதாமல் காத்திருந்தேன். அந்த ஒரு நிமிடம் எனக்கு இந்த ஆறு வருட வேலையைவிட நீளமாக இருந்தது.

"மாப்ளகிட்ட நானே சொல்லிக்கறேன்" என்றார் கடைசியில். "அடுத்த சரக்கு திரும்பி வந்தா, அந்த ஒம்பது நாளும் தங்கச்சி வந்து பாக்க மாட்டா. அந்தப் புள்ளதான் பாக்கோணும். போர்டுல வெச்சுருங்க."

போர்டு கூட்டம் திங்கட்கிழமை. கூடுதல் இயக்குநராக நியமித்து, அடுத்த பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்களின் ஒப்புதல் பெற வேண்டும். அவளுக்கு அரசு தரும் இயக்குநர் எண் வாங்க வேண்டும், சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். எனக்குத் தலைக்கு மேல் வேலை. சந்தோஷமான வேலை.

கதவு வரை போன நந்தகுமார் திரும்பினார். "போர்டுல வைக்க அவளப் பத்தி ஒரு பக்கம் வேணுமில்லீங்க? என்ன செஞ்சா, ஏன் போடறோம்னு."

"ஆமா சார்."

"தனப்பிரியாகிட்டச் சொல்லுங்க. அவ எழுதுனாத்தான் நல்லாருக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"இதை நான் எழுதுறேன் சார்" என்றேன்.

அன்று மாலையே உட்கார்ந்து எழுதினேன். எனக்கு அவளைப் போல எழுத வராது. இருந்தாலும் முதல் வரியில் செல்லாயி கட்டிய சிவப்புத் துணியை வைத்தேன், இரண்டாவது வரியில் அதை நாற்பத்தாறு பண்ணைகளிலும் கட்ட வைத்தவள் பெயரை வைத்தேன். முடித்ததும் கை பழக்கத்தில் "அவர்களின்" என்று தட்டிவிட்டது. அழித்துவிட்டு, அந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்தேன்.